விளம்பரத்தில் செத்துப்போன அப்பா

தொண்டு நிறுவனத்தில் பதினெட்டு வருடம் களப்பணியாளனாக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் செய்த நல்லதைவிட, செய்த தப்பு ஒன்று அதிகம் உதவும்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுக்கு மாலைப் படிப்பு மையம் இருந்தது. நன்கொடை விளம்பரத்துக்குப் படம் கேட்டுச் சென்னை ஆபீஸ் ஷாட் லிஸ்ட் அனுப்பியது. பெண் குழந்தை, தனியாக, கேமராவைப் பார்க்கவேண்டும், சிரிக்கக்கூடாது, பின்னால் டிவியோ வண்டியோ தெரியக்கூடாது.

ஆறாவது படிக்கும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். போட்டோ என்றதும் அவள் அம்மா செல்வி தலை பின்னி, கனகாம்பரம் வைத்து, தீபாவளிப் பாவாடை கட்டி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கம் போட்டோவுக்கு அப்படித்தான் வருவார்கள். நான் பூவை எடுக்கச் சொன்னேன், பழைய சட்டையைப் போட்டு வரச் சொன்னேன், செருப்பையும் கழற்ற வைத்தேன். அப்புறம் இங்கிலீஷில் இருந்த ஒப்புதல் படிவத்தில் செல்வியிடம் கையெழுத்து வாங்கினேன். 'தாய்மொழியில் விளக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டதும் நான்தான். "பசங்க படிப்புக்குத்தாம்மா" என்றதுதான் என் விளக்கம்.

இரண்டு மாதம் கழித்துச் செல்வி மையத்துக்கு வந்து, போனில் எங்கள் விளம்பரத்தைக் காட்டினார்.

"இன்னா சார் இது? அப்பா இல்லாத பொண்ணாம், ஒருவேளை சோறாம். அவங்கப்பா வாலாஜாபாத் ரைஸ்மில்லுல மூட்டை தூக்கிக்கினு கீறாரு. உசுரோட கீற மனுசனை சாவடிச்சிட்டீங்களே."

"பேரை மாத்தித்தாம்மா போட்டிருக்காங்க" என்றேன். கேவலமான பதில்.

"மூஞ்சியை மாத்தலியே சார். கிளாஸ்ல போன்ல காட்டி சிரிக்கிறாங்களாம். மூணு நாளா இஸ்கூலுக்கே போவ மாட்டேங்குது."

விளம்பரம் பார்க்கும் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"வேற பொண்ணு சிரிக்கிற படத்தையும் ஓட்டிப் பாத்தோம் சார். யாரும் கிளிக் பண்ணல. இதுதான் நல்லாப் போகுது. கன்சென்ட்டும் இருக்கே."

இருந்தது, என் பொய் டிக்கோடு. அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவேண்டும். பயமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு மெயில் எழுதினேன்: அப்பா உயிரோடு இருக்கிறார், அம்மாவுக்கு நான் எதையும் விளக்கவில்லை, அந்த ஒப்புதல் செல்லாது. மறுநாள் விளம்பரம் நின்றது. எனக்கு மெமோ வந்தது.

விஷயத்தைச் சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வியின் கணவர் திட்டவில்லை.

"நிறுத்திட்டீங்க, சரி. பாத்தவங்களுக்கு யாரு சார் சொல்றது?"

மறுநாள் முதல் அவர் ஒரு வாரம் காலை லோடு வேலையை விட்டுவிட்டு மகளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். மணி அடிக்கும்வரை எல்லோர் கண்ணிலும் படும்படி கேட்டருகே நின்றார். அந்தப் பெண் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு படத்தையும் அதோடு வரப்போகும் வாசகத்தையும் காட்டி, தமிழில் வாய்விட்டுப் படித்துச் சொல்லாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. பாதியிலேயே "வேணாம் சார்" என்றவர்கள் உண்டு. அன்றைக்குப் படம் இல்லாமல் திரும்பிவிடுவேன். அதற்குக் கிடைக்கும் திட்டு எனக்கு மட்டும்தான்.