ஒலிபெருக்கியில் சொன்ன உத்தரவாதம்

அம்பாறை நகரைத் தாண்டி வயல்வெளிக்குள் நடந்துகொண்டிருந்தேன். காலையில் என்னைத் தன் வேனில் கூட்டி வந்த முதலாளி, விசாரணை முடிந்ததும் என்னை ஏற்றாமலே கல்முனைக்குத் திரும்பிவிட்டார். என்னிடம் பஸ் காசும் இல்லை.

அவர் அங்கே நடத்திய வகுப்புக்கு நான் ஆட்டோவில் அறிவித்துத் திரிந்தவன். "அரச வேலைப் போட்டிப் பரீட்சை. எங்களிடம் படித்தால் தெரிவு நிச்சயம்" என்று ஊர் ஊராகச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் அப்படியொரு பரீட்சைத் தாளைக் கண்டதுமில்லை. அதைக் கேட்டுச் சேர்ந்த சாய்ந்தமருதுப் பெண்ணொருத்தி, அங்கே முன்பு படித்த ஒருவரும் தெரிவாகவில்லை என்று அறிந்தாள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு, முறைப்பாட்டுக்கான மூன்று மாதக் கெடு முடியுமுன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதிவிட்டாள். அதன் அம்பாறை அலுவலகத்தில்தான் எங்களை விசாரித்தார்கள்.

"துண்டுப் பிரசுரத்துல உத்தரவாதமெண்டு எங்கயும் இல்ல சேர். பரீட்சையும் இன்னும் நடக்கல்ல" என்றார் முதலாளி.

"நடக்காட்டி என்ன? குடுக்க ஏலாத உத்தரவாதத்தச் சொல்லி ஆள் சேர்த்தாலே பிழைதான்" என்ற அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க அப்படி அறிவிச்சீங்களா தம்பி?"

முதலாளி மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"ஓம் சேர். அவர் எழுதித் தந்ததத்தான் கதைச்சன்."

கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தருவதாக முதலாளி கையெழுத்திட்டார். பெண்ணோடு வந்திருந்த அவள் வாப்பா, என்னை விலகி மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அவருக்கு நான் அந்தப் பொய்யை அறிவித்த ஆட்டோக்காரன்தான்.

அன்றிரவு வழியில் வரிப்பத்தான்சேனை ஊர்ப் பள்ளிவாசல் விறாந்தையில் படுத்தேன். மறுநாள் காலை, வீதியோரம் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர் நாள் கூலிக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். பெயர்கூடக் கேட்காமல், நெல்லைக் கிளறும் பலகையை என் கையில் தந்தார்.