பத்துக்கு எட்டில் அடங்காத அக்கா

அண்ணனுக்கு எதிலும் அவசரம். பங்குச் சாமியார் வந்து ஜெபிக்கிற புது வீட்டு மந்திரிப்புக்கு முன்னறையில் குடும்பப் படம் மாட்ட வேண்டும் என்று குமுளிக்குப் போனவன், படத்தைப் பிரிண்ட் போடும் முன்னேயே சட்டத்தை வாங்கிவிட்டான். தங்க விளிம்பு வைத்த பத்துக்கு எட்டு அங்குலச் சட்டம். பிறகு வண்டிப்பெரியார் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, அதே அளவில் பிரிண்ட் கேட்டான். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறித்த கதைதான்.

மந்திரிப்பன்று காலையில் அவன் மாட்டிவிட்டு விலகியபோதுதான் பார்த்தேன். படத்தில் அக்கா இல்லை.

அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் கலியாணம் பண்ணிக்கொண்டு கொல்லங்கோட்டுப் பக்கம் போனவள். அதற்குப் பிறகு முதல் தடவையாக வந்தது அண்ணன் மகள் கோயிலில் முதன்முதலில் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு. அன்று கோயில் வாசலில் எடுத்த படம் இது. கிட்டே வாங்க, கிட்டே வாங்க என்று கேமராக்காரர் கெஞ்சியும், வலது ஓரத்தில் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளியே நின்றாள். இன்று சாயங்காலம் மந்திரிப்புக்கு வருகிறாள். சுவரைப் பார்த்தால் வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். அதோடு இந்தப் படி மிதிக்கமாட்டாள்.

ஆணியிலிருந்து படத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டிப்பெரியாருக்கு ஓடினேன். பஸ் தோட்டத்துக் குடியிருப்பான ஒவ்வொரு லயத்து முக்கிலும் நின்று ஆள் ஏற்றியது. எனக்கு இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது.

ஸ்டுடியோ நடத்துகிற பெண் கம்ப்யூட்டரில் முழுப்படத்தைத் திறந்து காட்டினாள். "இது மூணுக்கு ரெண்டுங்கிற கணக்குல எடுத்த படம்க்கா. பன்னெண்டுக்கு எட்டுன்னா முழுசா வரும். பத்துக்கு எட்டுல அகலத்துல ரெண்டு இஞ்ச் போயிரும். அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு."

"அந்தப் பக்கம் ரெண்டையும் வெட்டும்மா, இந்தப் பக்கத்த விட்டுரு."

வெட்டுக்கோட்டை நகர்த்தினாள். அக்கா வந்தாள், அண்ணியின் அப்பா போனார். அது வேறு வம்பு. முழுப்படத்தையும் சுருக்கி அதே சட்டத்தில் போட்டால் மேலும் கீழும் மட்டும் வெள்ளைப் பட்டை விழுந்து, வெட்டி ஒட்டியது போல இருக்கும். பன்னிரண்டுக்கு எட்டுச் சட்டமோ கடையில் தீர்ந்துபோயிருந்தது.

"நான் அண்ணன்கிட்ட போன்லயே சொன்னேன்க்கா, ஓரத்துல ஒரு ஆள் போயிரும்னு," என்றாள். "தள்ளி நின்னவதான, போனாப் போறான்னாரு."

அவசரத்தில் செய்துவிட்டான் என்று நினைத்தேனே, பாவி தெரிந்தே செய்திருக்கிறான்.

சுவரில் பதினாறுக்குப் பன்னிரண்டு சட்டம் ஒன்று தொங்கியது. உள்ளே மவுண்ட், அதாவது நடுவில் ஜன்னல் வெட்டிய வெள்ளை அட்டை. பன்னிரண்டுக்கு எட்டுப் படம் வைக்கத்தான் அது. அதையே கேட்டேன். அவள் தலையாட்டவில்லை. "படம் பின்னால விழுந்துராம இருக்க, ஜன்னலை நாலு பக்கமும் கால் இஞ்ச் குறைச்சுத்தான் வெட்டுவோம். ஓரத்துல நிக்கிறவங்களுக்கு அந்தக் கால் இஞ்ச்ல கை போயிரும்."

"கையும் போகக்கூடாது."

யோசித்தாள். பிறகு படத்தைப் பத்தரைக்கு ஏழாகச் சுருக்கி, பன்னிரண்டுக்கு எட்டுத் தாளின் நடுவில் வைத்தாள். புது அட்டையில் பதினொன்றுக்கு ஏழரை ஜன்னல் வெட்டினாள். அட்டை இப்போது வெறும் வெள்ளைத் தாளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது, படத்தைத் தொடவில்லை. நடுவில் கரண்ட் போனது. வந்தது. மழை பிடித்தது. நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

வீடு சேர்ந்தபோது அக்கா முன்னறையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் வெறும் ஆணிக்குக் கீழே நின்று என்னை முறைத்தான். நான் படத்தை மாட்டினேன். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டது.

அக்கா கிட்டே போனாள். முகங்களை ஒவ்வொன்றாகத் தாண்டித் தன்னிடம் வந்தாள். தன் தோளுக்கு அப்பால் இருந்த வெள்ளை இடத்தைக் கண்ணாடியின் மேல் விரலால் தொட்டாள்.

"எனக்கு அங்கிட்டும் எடம் விட்டிருக்கீகளே," என்றாள். "வெட்டிருப்பீகன்னு நெனச்சுக்கிட்டேதான் பஸ்ல வந்தேன். யாரு பாத்து செஞ்சது?"

அண்ணன் தரையைப் பார்த்தான். அவனைக் காட்டிக்கொடுக்கத்தான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

"அண்ணன்தான்," என்றேன்.

அக்கா திரும்பி, "அண்ணே" என்றாள். கலியாணத்துக்குப் பிறகு அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவள் பையை அவனே வாங்கி உள்ளறைக்குக் கொண்டுபோனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. சாமியார் வந்து, எல்லாரும் எழுந்து நின்ற பிறகுதான் வந்தான். வந்தவன் அக்காவுக்குப் பக்கத்தில், இடம் விடாமல் நின்றான்.