எண்ணிக்கையில் வராத திருத்தங்கள்

1. உத்திரமேரூரில் எங்கள் விதை நிறுவன அலுவலகத்தில், ஊழியர்கள் நாளுக்கு எத்தனை விவசாயிப் பதிவுப் படிவங்களை முடிக்கிறார்கள் என்பதையே வேலைக்கான அளவுகோலாக வைத்தேன்.
2. நாங்கள் அக்கா என்றழைக்கும் மூத்த ஊழியர் கடைசி இடத்தில் வந்தார்.
3. அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று மேலாளர் எழுதினார்.

அதன் பிறகுதான் அக்காவின் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மற்றவர்கள் அவசரத்தில் முடித்து, தலைமை அலுவலகம் திருப்பியனுப்பிய படிவங்களெல்லாம் அவர் மேசைக்கே வந்தன. படிவத்தில் நிலத்தின் சர்வே எண் பொருந்தாத சாலவாக்கத்து விவசாயியிடம் பேசி, சரியான எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்தார்.

"இன்னா பாப்பா, இதுக்கு எத்தினி மார்க்கு?"

"இத நான் எண்ணவேயில்லக்கா."

"தப்பு பண்றவங்க ஃபர்ஸ்ட்டு, திருத்துறவ லாஸ்ட்டு. நல்லா கீது உன் கணக்கு!"

திரும்பி வராத படிவங்களை மட்டும் எண்ணி, திருத்தங்களைத் திருத்தியவர் பெயரில் சேர்க்கும் புதிய அளவுகோலை அனுப்பினேன். அடுத்த காலாண்டிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். அக்காவின் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது.