உ.அ. 50

உப்புக்குளத்து எடித் பதினொரு வருடமாகத் தண்ணீர் சோதிக்கிறவள். மன்னாரில் ஒரு சின்ன நீர் ஆய்வுகூடம். ஊர்களிலிருந்து போத்தலில் வரும் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, பத்து வரியில் அறிக்கை எழுதி, மேலதிகாரி கனகரத்தினத்தின் கையொப்பத்துக்கு வைப்பது அவள் வேலை. ஒரு எண்ணை மூன்று தரம் சரிபார்ப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இரண்டாயிரத்துப் பதினாறில், தீவுக்கு அப்பால், பெருநிலத்து வயல் ஊர் ஒன்றிலிருந்து கமக்காரர் சங்கத் தலைவர் ஏரம்பு ஒரு போத்தலோடு வந்தார். இந்தக் கரையில் தண்ணீருக்கு ஒரே பரீட்சை நாக்குத்தான். உப்புக் கரிக்காத கிணறு கிடைத்தால் அதைச் சுவாமிபோல வைத்துக் கும்பிடுவார்கள். ஏரம்பரின் ஊர்க் கிணறு இளநீராக இனித்தது. பக்கத்திலேயே மாட்டுப்பட்டி இருந்ததை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

எடித்தின் அறிக்கையில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘நை. – 118 மி.கி./லீ. – உ.அ. 50.’ ஆய்வுகூடத்தில் இதைப் பார்த்தால் எவரும் நெஞ்சில் கைவைப்பார். சங்கத்தில் பார்த்தவர்களுக்கோ பிள்ளைகளின் பரீட்சைத் தாள்தான் ஞாபகம் வந்தது. ஐம்பது எடுத்தால் போதும், எங்கள் கிணறு நூற்றுப் பதினெட்டு எடுத்திருக்கிறது என்று ஏரம்பர் தாளை உறையிலிட்டுத் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார்.

அவருடைய மருமகள் இராசேஸ்வரிக்கு அந்த மாதம் குழந்தை பிறந்தது. காய்ச்சலில் பால் வற்றியதால், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த மாப்பால்தான். நல்ல தாய், தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஒரு சொட்டும் கொடுத்ததில்லை. ஒன்றரை மாதம் கழிந்து, ஏழாம் கிழமை குழந்தையின் உதடும் நகங்களும் நீலமாயின. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது நேரம் கடந்துவிட்டது; குழந்தை தப்பவில்லை. என்ன தண்ணீர் கொடுத்தார்கள் என்று டொக்டர் ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கேட்டபோது, அறிக்கைக் கோவையை எடுத்தவள் எடித். எண் சரியாகத்தான் இருந்தது. அது சரியாக இருந்ததே அவளை வதைத்தது.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி ஏரம்பரின் வீட்டுக்குப் போனாள். இராசேஸ்வரி அழவில்லை. சுவரிலிருந்த தாளைக் கழற்றி நீட்டினாள்.

“மிஸ், இதில என்ன கிடக்கு எண்டு ஒருக்கா சொல்லுங்கோ.”

எடித் கதிரையின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள். ‘நை.’ என்றால் நைத்திரேற்று, சாணத்திலும் உரத்திலுமிருந்து நிலத்துக்குள் இறங்குவது, நாக்குக்குத் தெரியாது. ‘மி.கி./லீ.’ என்றால் ஒரு லீற்றர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம். நூற்றுப் பதினெட்டு என்பது ஒரு சிட்டிகை உப்பிலும் குறைவு. ‘உ.அ.’ என்றால் உச்ச அளவு, அதற்கு மேல் போகக்கூடாது. போனால், பச்சைக் குழந்தையின் இரத்தம் மூச்சைச் சுமக்கமுடியாமல் போய்விடும்.

“நான் கொதிக்கவைச்சுத்தானே குடுத்தனான்?”

எடித்துக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அடுத்த வீட்டு வளவில் இன்னொரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. அந்தத் தாயும் இதே கிணற்றில்தான் அள்ளுகிறாள்.

“கிருமி சாகும், தங்கச்சி. இது போகாது. தண்ணி ஆவியாப் போக, இது கூடிப்போகும்.”

இராசேஸ்வரி எழுந்து, தாளோடு அடுத்த வளவுக்குப் போனாள்.

திங்கட்கிழமை எடித் ஒவ்வொரு அறிக்கைக்கும் பின்னால் ஒரு விளக்கத் தாள் சேர்க்கத் தொடங்கினாள். கனகரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது அறிக்கை, பிள்ளை. கடிதமில்லை.”

“வாசிக்கிறவைக்கு விளங்கவேணும், சேர்.”

அவர் கொஞ்சம் யோசித்துக் கையொப்பமிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, வயிற்றில் ஐந்து மாதத்தோடு இராசேஸ்வரி ஒரு போத்தலைக் கொண்டுவந்தாள். புதுக் கிணற்றுத் தண்ணீர். அறிக்கை வாங்க வந்த அன்று போகாமல் நின்று, பின்தாளை எழுத்தெழுத்தாக வாசித்தாள். ‘நைத்திரேற்று: ஒரு லீற்றரில் 9 மில்லிகிராம். 50க்கு மேல் போகக்கூடாது. இந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால் கரைக்கலாம். 50க்கு மேலென்றால் கொதிக்கவைத்தாலும் கொடுக்கக்கூடாது.’

கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

“எல்லாம் விளங்குது, மிஸ்,” என்றாள். “அண்டைக்கும் இப்பிடி எழுதியிருக்கலாம்.”

“ஓம்,” என்றாள் எடித்.