பழைய பெயரில் புதிய தலைப்பு

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வடக்கே சாங்வி என்ற ஊரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. நான் எழுதி அனுப்பும் குறிப்பில் சந்தேகம் கேட்க இடமிருக்காது என்ற கர்வம் எனக்கு உண்டு.

தேஹு ரோடு பக்கம் இருந்த ஒரு பட்டறையில் கணக்கு எழுதும் தமிழ் அக்காவுக்கு அப்படி ஒரு குறிப்பு அனுப்பினேன். ஆடிட்டர் சொன்னபடி அந்தப் பட்டறையின் சில கணக்குத் தலைப்புகளை மாற்றியிருந்தோம். குறிப்பில் எழுதியது இதுதான்: 'ரிப்பேர்' இனி 'மெஷின் ரிப்பேர்'. பழைய பதிவுகளும் புதிய பெயருக்கே போய்விடும். கட்டடச் செலவுக்கு 'ரிப்பேர்' என்றே புதிதாக ஒரு தலைப்பு. உங்கள் ரிப்போர்ட், எக்ஸெலில் இறக்கிய கோப்பிலிருந்து தலைப்பின் பெயரைப் பார்த்துத்தான் தொகையை எடுக்கிறது. அதனால் ஒவ்வொரு பெயரையும் சரிபாருங்கள். கடைசியில் மொத்தச் செலவை, எல்லாக் கணக்குகளின் தொகையும் இருக்கும் டிரையல் பேலன்ஸோடு ஒப்பிடுங்கள்.

அன்று மாலைக்குள் அந்த லாப நஷ்ட ரிப்போர்ட் பேங்குக்குப் போக வேண்டும். பட்டறையின் கடன் வரம்பைப் புதுப்பிக்கும் நேரம். வேறு வேலையாக நான் பட்டறைக்குப் போனபோது அக்கா பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

"எல்லாம் பாத்துட்டேன் தங்கச்சி. பேரு ஒத்துப்போகலன்னா சைபர்தானே வரும், எங்கயும் வரல."

ரிப்பேர் வரியைப் பார்த்தேன். தொகை இருந்தது. ஆனால் அது சுவருக்கு வெள்ளை அடித்த செலவு மட்டும். மெஷின்களுக்கு ஆன செலவு ரிப்போர்ட்டிலேயே இல்லை. அந்த அளவுக்கு லாபம் கூடித் தெரிந்தது.

"டோட்டல் ஒப்பிட்டீங்களா அக்கா?"

அவர் முகம் மாறியது. டிரையல் பேலன்ஸைத் திறந்தார். ஒத்துப்போகவில்லை.

அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், லாபம் நன்றாகத்தானே தெரிகிறது, இப்படியே அனுப்பிவிடலாம், அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம் என்று இந்தியில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒப்பிடச் சொன்ன என் குறிப்பு மெயிலில் இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது. அனுப்ப வேண்டியது அக்கா. இந்த வேலையை நம்பித்தான் அவர் மகளின் கல்லூரி ஃபீஸ் இருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா எழுந்து முதலாளியைப் பார்த்து, தெரியாமல் போயிருந்தால் அது என் தவறு, தெரிந்த பிறகு அனுப்ப என்னால் முடியாது என்று இந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. எந்த வரியில சேக்கணும்?"

சொன்னேன். நின்றபடியே ரிப்பேர் வரிக்கு மேலே புது வரி போட்டு மெஷின் ரிப்பேரைச் சேர்த்தார். இந்த முறை மொத்தம் ஒத்துப்போனது. லாபம் சட்டென்று சுருங்கியது.

முதலாளி குனிந்து திரையில் புது வரியைப் படித்தார். ரிப்பேர் இவ்வளவு ஆகும் மெஷினை விற்றுத் தொலைக்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு, திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார்.

அக்கா பேனாவைக் கொடுத்தார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.