யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்

என் கையால் அழிந்ததை, முகம் தெரியாத யாரோ தொலைத்துவிட்டதாகச் சொன்னேன். அதை நம்பி ஒரு பெண் ஏழு மாதம் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தப் பதில் வராது என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

தூத்துக்குடியில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தில் நான் மேலாளராக இருந்தேன். கணிதம் படித்தவன் என்பதால் கணினிகளின் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அந்தப் பெண் எங்களிடம் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பவர். அவர் கணவர் தோணியில் தண்டல், அதாவது அதை நடத்திச் செல்லும் தலைவர். வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

போகுமிடத்திலிருந்தெல்லாம் அவர் மனைவிக்குக் குரல்செய்தி அனுப்புவார். அப்படி நாற்பது சொச்சம் இருந்தன. மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் அந்தப் பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவற்றைக் கேட்பார். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று சிரிப்பார். தினமும் அதே இடம் என்றுதான் நினைக்கிறேன். என்ன சொல்லியிருந்தார் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். தண்ணி வந்துச்சா, மோட்டாரப் போட்டியான்னு கேக்காரு. நடுக்கடல்ல நின்னுக்கிட்டு மோட்டாரப் பத்திக் கேக்காரு."

அந்தக் குரல்கள் அவர் கைப்பேசியில்தான் இருந்தன. "போன் தொலைஞ்சா எல்லாம் போச்சும்மா. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டு வையுங்க" என்று சொன்னவன் நான். போட்டு வைத்தார். பிறகு அந்தப் பழைய போனைக் கடையில் கொடுத்து வேறு வாங்கிக்கொண்டார்.

ஒரு மழையில் அலுவலகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. சர்வரைத் தூக்கி மேசை மேல் வைத்துக் காப்பாற்றினோம். அதற்குப் பிறகு முதலாளி கோப்புகளையெல்லாம் கிளவுடுக்கு மாற்றச் சொன்னார். கணக்குப் பார்க்கும் அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

"அது எங்கனதான் இருக்கு?"

"யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல இருக்கு அண்ணாச்சி. அவ்வளவுதான் கிளவுடு."

"யாரோ ஒருத்தனா? ஆளு எப்படி, நம்பலாமா? கல்யாணம் ஆனவனா?"

எல்லோரும் சிரித்தோம். கணினிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் அந்த வாக்கியத்தை எங்கோ படித்துவிட்டு, விஷயம் தெரிந்தவனைப் போல நான் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நானே அதை நம்பவும் செய்தேன்.

மகள் பிரசவத்துக்காக அந்தப் பெண் இரண்டு மாத விடுப்பில் மும்பை போனார். அந்த நாட்களில் என் மேசைக் கணினியில் இடம் போதவில்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. எல்லோருடைய கோப்புகளும் அதிலும் ஒரு பிரதியாக இருந்தன. பழைய கோப்புறைகள் சிலவற்றை அழித்தேன். அந்தக் குரல்கள் இருந்த கோப்புறையும் அவற்றில் ஒன்று. இங்கே இருப்பது என் கணினி, அங்கே இருப்பது யாரோ ஒருவருடைய கணினி, இங்கே அழித்தால் அங்கே என்ன ஆகப்போகிறது என்பது என் கணக்கு.

இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி இணைத்து வைத்தவனே நான்தான். இங்கே அழிந்தது அங்கேயும் அழிந்தது, அவர் மேசைக் கணினியிலும் அழிந்தது. கிளவுடின் குப்பைத்தொட்டி ஒரு மாதம் அதை வைத்திருந்தது. யாரும் தேடாததால் பிறகு அதுவும் காலியானது.

அவர் திரும்பி வந்த அன்று மதியம் டப்பாவை மூடினார், ஒயரை மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "சார், இதக் கொஞ்சம் பாருங்களேன், காணல" என்றார்.

நான் நிர்வாகிப் பக்கத்தைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தேன். அழித்தவர் பெயர், நாள், நேரம் எல்லாம் வரிசையாக இருந்தன. என் பெயர். திரையை மூடினேன்.

"அது யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்தானம்மா. தொலைச்சிருக்கானுவ. எழுதிக் கேக்கேன்" என்றேன்.

நான் எழுதவே இல்லை. முதலில் வாரம் ஒருமுறை கேட்டார், பிறகு மாதம் ஒருமுறை. "பதில் வந்துட்டா சார்?" போகப்போக வாயால் கேட்பதும் நின்றது. தன் இடத்திலிருந்தே புருவத்தை உயர்த்துவார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். ஒருநாள், "எவனோ ஒருத்தன்ட்ட கொண்டு போய் வச்சேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்றார். அதன்பின் கேட்கவில்லை. மதியத்தில் அந்தச் சிரிப்பும் இல்லை.

ஓய்வு பெற்றபின் எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. வீட்டில் தனியாகச் சாப்பிட்டு முடிக்கும்போதெல்லாம் காது அதற்குக் காத்திருந்தது. ஒரு ஞாயிறன்று, கோவிலில் மாதா பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போய், நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அவங்க தொலைக்கலையா?"

"இல்லம்மா. அங்க ஒருத்தன், ஒரு கம்ப்யூட்டர்னு கிடையாது. ஒரே கோப்ப மூணு நாலு பிரதியா வேற வேற இடத்துல வச்சிருப்பாங்க. ஒரு மெஷின் செத்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனா நாம அழின்னு சொன்னா எல்லாப் பிரதியையும் அழிச்சிரும். நான்தான் அழிச்சேன்."

மெஷின் அவர்களுடையது, கட்டடமும் அவர்களுடையது. அந்த அளவுக்கு 'யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்' என்ற வாக்கியம் சரிதான். ஆனால் எதை வைப்பது, எதை அழிப்பது, சாவி யார் கையில், வேறோர் இடத்தில் தனிப் பிரதி உண்டா என்பதெல்லாம் நம் பொறுப்பாகவே இருந்தது. யாரோ ஒருத்தன் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பொறுப்பை நான் மறந்தேன். பிறகு அதே வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் அழவில்லை. "அழிஞ்சது கூடப் போகட்டும் சார். ஏழு மாசம் தலைய ஆட்டுனீங்களே" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவர் கணவரோடு தோணியில் போனவர்களைத் தேடினேன். பலர் போன் மாற்றியிருந்தார்கள். ஒருவர் வேலை தேடிக் கொச்சிக்குப் போயிருந்தார். கடைசியில் ஒருவரின் பழைய போனில் ஒரே ஒரு குரல்செய்தி கிடைத்தது. அதை என் போனுக்கு வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன்.

"ஏலே, மூட்ட நனையுது, தார்ப்பாய இழுத்து மூடு. நா ஒரு டீயக் குடிச்சிட்டு வாரேன்."

அவர் இரண்டு முறை கேட்டார். "இது எனக்குச் சொன்னதில்ல" என்றார். மூன்றாம் முறை கேட்டுவிட்டு, "ஆனா அவரு தொண்டதான்" என்றார்.

அதை அவர் போனிலும், மும்பையிலிருக்கும் மகள் போனிலும், பீரோவில் வைக்க ஒரு பென்டிரைவிலும், அவர் பெயரில் தொடங்கிய கிளவுடு கணக்கிலும் போட்டோம். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையை எனக்குக் காட்டாமல் திருப்பிக்கொண்டார். நான்கு இடத்திலும் கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

"உங்க போன்ல இருக்கத அழிச்சிருங்க சார்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். "இனி வர வேண்டாம்" என்றார். அதில் கோபம் தெரியவில்லை.

நான் போகவில்லை. அந்தக் குரல் என்னிடம் இல்லை. மதியத்தில் தட்டைக் கழுவி வைக்கும்போது, தார்ப்பாயிலிருந்து டீக்குப் போகிற அந்த இடத்தில் அவர் இப்போது சிரிப்பாரோ என்று நினைத்துக்கொள்கிறேன்.