சும்மா படுத்திருந்தால் எரிவது

பெரியவளுக்குச் சின்னவளைக் கண்டால் ஆகாது. வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். காரணம் நகையுமில்லை, நட்டுமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண் எல்லாரையும் விட அதிகமாகச் சாப்பிட்டாள், ஆனால் ஒல்லிக்குச்சியாகவே இருந்தாள். அவ்வளவுதான் விஷயம். இதற்கா ஒருத்திக்கு வயிற்றெரிச்சல் வரும் என்று கேட்பவர்கள், எண்பது கிலோவை நெருங்கும் உடம்போடு ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக உட்கார்ந்து, எதிரில் இருக்கும் நோயாளியிடம் "இனிப்பைக் குறைங்க" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். நோயாளியின் கண் எங்கே போகும் என்று பெரியவளுக்குத்தான் தெரியும்.

ராத்திரிச் சாப்பாட்டு மேஜை அவளுக்குத் தினசரித் தண்டனை. சின்னவள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரசிப்பாள்.

"பாரு, எவ்வளவு ஆசையா சாப்பிடுறா! ஒரு சுத்து சதை போடுதா பாரு. உடம்பு வாகு அப்படி. சிலபேருக்குத் தண்ணி குடிச்சாலே ஊதுது."

அந்தச் 'சிலபேர்' யார் என்று மேஜையில் எல்லாருக்கும் தெரியும். பெரியவளின் புருஷன் நல்லவன், ஆனால் அந்த நேரத்தில் அவன் தட்டில்தான் அவனுக்கு உலகமே இருக்கும். இதோடு முடிந்ததா? ஃபேன் வேறு. பெரியவளுக்கு வியர்த்து ஊற்றும், ஃபேனைக் கூட்டுவாள். ஐந்து நிமிஷத்தில் சின்னவள் எழுந்து போய்க் குறைத்துவிட்டு, ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருவாள். "குளிருதுக்கா." மகாராணிக்குக் குளிருதாம்!

பெரியவள் தன் மனசுக்குள் ஒரு கணக்கைப் போட்டு வைத்திருந்தாள். தன் உடம்பு சோம்பேறி, படுத்துத் தூங்கும்போது ஒன்றையும் எரிப்பதில்லை. சின்னவள் உடம்பு அடுப்பு, தூங்கும்போதும் கொழுந்துவிட்டு எரிகிறது. ஆக, குற்றம் தன் வாயில் இல்லை, பிறப்பில். இதை மட்டும் எழுத்தில், மெஷின் அடித்துக் கொடுத்த காகிதத்தில் மாமியார் முன்னால் வைத்துவிட்டால் போதும். பதினைந்து வருஷமாக வாங்கிய 'சிலபேருக்கு' எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்.

மெஷின் அவள் கையில்தான் இருந்தது. ஒரு மனுஷன் அசையாமல் படுத்திருக்கும்போது அவன் உடம்பு எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று பார்க்கும் மெஷின். தலைக்கு மேலே கூண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி வரும். அதற்குள் விடும் மூச்சைக் குழாய் இழுத்துக்கொள்ளும். எவ்வளவு ஆக்ஸிஜன் உள்ளே போனது, எவ்வளவு கரியமில வாயு வெளியே வந்தது என்று பார்த்து மெஷின் கணக்குச் சொல்லும். அந்த வாரம் அதில் ஒரு பாகத்தை மாற்றியிருந்தார்கள். அப்படி மாற்றினால், நோயாளிகளை ஏற்றும் முன் நோய் இல்லாத இரண்டு பேரைப் படுக்கவைத்துச் சரிபார்ப்பது அந்தப் பிரிவின் வழக்கம்.

"நீயும் நானும் போவோமா?" என்று பெரியவள் தேன் ஒழுகக் கேட்டாள். "ஆனா காலைல எதுவும் சாப்பிடக்கூடாது. காபிகூட ஆகாது. தாங்குவியா?"

"அதுக்கென்னக்கா, பழக்கம்தான்" என்றாள் சின்னவள்.

அந்தப் பதிலைப் பெரியவள் காதில் வாங்கவில்லை. காகிதத்தை எங்கே வைத்து நீட்டுவது, உப்பு டப்பா பக்கத்திலா, மாமியார் தட்டுக்கு முன்னாலா என்ற யோசனையில் இருந்தாள்.

முதலில் பெரியவள் படுத்தாள். மெஷினை நர்ஸம்மா பார்த்துக்கொண்டாள். அசையாமல், பேசாமல், தூங்காமல் அரை மணி. முதல் ஐந்து நிமிஷத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், உடம்பு அடங்க வேண்டுமே. எழுந்து வந்து பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு. அவள் வயசுக்கும் எடைக்கும் உயரத்துக்கும் எவ்வளவு இருக்க வேண்டுமோ, கிட்டத்தட்ட அதே.

சோம்பேறி உடம்பு என்று இத்தனை நாள் பழி போட்டாளே, அது பாவம் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவளுக்கு முகம் தொங்கிவிட்டது. அப்படியானால் குற்றம் வாயில்தானா? சரி, போகட்டும், அடுப்பு இன்னும் பாக்கி இருக்கிறதே. சின்னவளுக்கு இரண்டாயிரம் வரட்டும். அது போதும்.

சின்னவள் படுத்தாள். மூடி இறங்கியது. பெரியவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். எண் ஏறவில்லை. இறங்கியது. இன்னும் இறங்கியது. எட்டிப் பார்த்தால், மகராசி வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்! மூடிக்குள் வந்து இப்படி நொடியில் தூங்குகிறவர்களைப் பெரியவள் அதிகம் பார்த்ததில்லை. தோளைத் தட்டினாள்.

"தூங்காதடீ, தூங்கினா எண் குறைஞ்சுடும்."

"சாரிக்கா. படுத்தா கண்ணு சொருகிடுது."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை கண் கொட்டாமல் பக்கத்திலேயே நின்றாள். சின்னவளும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அரை மணி முடிந்தது. தொள்ளாயிரத்து முப்பது.

முதலில் வந்தது சந்தோஷம். ஒளிக்க என்ன இருக்கிறது, சந்தோஷம்தான்! அடுப்பாவது ஒண்ணாவது! எட்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினால் பெரியவள் நானூற்றைம்பதை எரிக்கிறாள், இவள் முந்நூறைக்கூடத் தாண்டமாட்டாள். ஆக, தூக்கத்தில்கூட ஜெயித்தது தான்தான். பக்கத்திலிருந்த நர்ஸம்மாவிடம் சொல்லலாம் போல இருந்தது.

ஆனால் பத்து வருஷமாகச் செய்த வேலை சும்மா விடுமா? பெரிய உடம்பு அதிகம் எரிக்கும், சின்ன உடம்பு குறைவாக எரிக்கும், அது சரி. ஆனால் இவ்வளவு சின்ன உடம்புக்கும் ஆயிரத்து நூற்றைம்பது வர வேண்டும். தூக்கத்தால் குறைந்தது என்று சொல்லவும் வழியில்லை. தூங்கினால் கொஞ்சம்தான் குறையும், இப்போதோ முழித்திருந்துதான் இந்த எண். மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், எங்கும் காற்று ஒழுகவில்லை. மெஷினில் குறையென்றால் தன் எண் எப்படிச் சரியாக வந்தது?

அப்புறம் இன்னொன்று உறைத்தது. ஒரு ஆள் நாள் முழுக்க செலவழிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சும்மா படுத்திருக்கும் கணக்குதான். இதயம் துடிக்க, மூச்சு விட, மூளை ஓட, உடம்பு சூடாக இருக்க. தூங்கினாலும் முழித்தாலும் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். நடப்பது, வேலை செய்வது, சாப்பிட்டதைச் செரிப்பது எல்லாம் மிச்சம் ஒரு பங்கு. அப்படியென்றால் சின்னவளுக்கு நாள் முழுக்க ஆயிரத்து நானூறு தேறினால் பெரிசு. ராத்திரி மேஜையில் எல்லாரும் பார்க்க அவள் சாப்பிடுவதே அந்த அளவு வருமே! காலை, மதியம் எல்லாம் சேர்ந்தால் இந்நேரம் ஊதியிருக்க வேண்டாமா?

காலை, மதியம் சேர்ந்தால்தானே.

பெரியவளுக்குக் கையிலிருந்த காகிதம் கனத்தது. பட்டினி கிடக்கும் உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். கை கால் சில்லிடும். எப்போதும் அசதி. ஸ்வெட்டர், ஃபேன், கண் சொருகல் எல்லாம் தினமும் கண் எதிரில்தான் நடந்தது. ஒரு நோயாளி வந்து இப்படிச் சொல்லியிருந்தால் முதல் நிமிஷத்திலேயே பிடித்திருப்பாள். பொறாமை அவள் கண்ணை மறைத்துவிட்டது.

நர்ஸம்மாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"மதியம் டப்பாவுல கட்டிட்டுப் போறியே, அதை யாருக்குக் குடுக்கிற?"

சின்னவள் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆபீஸ்ல வாட்ச்மேனுக்கு."

"காலைல?"

"வெறும் காபி."

"மாசா மாசம் தேதி ஒழுங்கா வருதா?"

"ஏழெட்டு மாசமா இல்லக்கா."

பெரியவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை எப்போது என்று மாமியார் வாராவாரம் கேட்பதும், இவள் சிரித்து மழுப்புவதும் ஞாபகம் வந்தது. "உனக்கென்ன கேடு? ஏன்டீ இப்படிப் பண்ற?"

"கல்யாணமான புதுசுல அத்தை உங்களைக் காட்டி, 'இவ மாதிரி ஆயிடாதே'ன்னாங்க. அவரும் சிரிச்சாரு." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "ராத்திரி நல்லா சாப்பிட்டா அத்தைக்குப் பிடிக்குது. சதை போடாம இருந்தாலும் பிடிக்குது. ரெண்டும் வேணும்னா வேற என்னக்கா பண்றது?"

பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு வருஷமாக ஒருத்தியைப் பட்டினி போட்டிருப்பது தன் உடம்பு மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம்! கோபத்தில் நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் சின்னவளே சொன்னாள்:

"கோச்சுக்காதீங்க. உங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பசிக்குதுன்னா எடுத்துப் போட்டுச் சாப்பிடுறீங்க. யாரு என்ன சொன்னாலும் போய்ப் படுத்து நிம்மதியா தூங்குறீங்க. உங்க குறட்டை எங்க ரூம் வரைக்கும் கேக்கும். அதைக் கேட்டுக்கிட்டே பசியோட படுத்திருப்பேன்."

இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. அழுதது சின்னவள்.

பெரியவள் அவளை அன்றைக்கே மகப்பேறு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நன்றாகச் சாப்பிட்டால் எல்லாம் திரும்பும், ஆனால் பொறுமை வேண்டும் என்றார் டாக்டர். மாமியாருக்குக் காட்ட வைத்திருந்த காகிதம் பெரியவளின் பைக்குள்ளேயே கிடந்தது.

மறுநாள் காலை அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். இரண்டிலும் முட்டை, ரொட்டி, பழம். சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன இது புதுசா? காலைலேர்ந்தே ஆரம்பிச்சா உன்னை மாதிரி ஆயிடப் போறா!"

பெரியவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். பதினைந்து வருஷத்தில் இந்த மேஜையில் அவள் பதில் பேசியதில்லை.

"ஆகட்டுமே அத்தை. நான் தூங்கினாகூட என் உடம்பு தூங்காம உழைக்குது. அவ உடம்பு பாதிக் கடையைச் சாத்திட்டுக் கெடக்கு. இனிமே இந்த வீட்ல யாரு உடம்பையும் யாருக்கும் காட்டி பயமுறுத்தாதீங்க. அப்புறம் பேரப்பிள்ளை வரலேன்னு எங்ககிட்ட கேக்காதீங்க."

மாமியார் சின்னவளின் தட்டைப் பார்த்தாள், ஸ்வெட்டரைப் பார்த்தாள். போய் இன்னொரு முட்டையை எடுத்துவந்து அந்தத் தட்டில் வைத்தாள்.

சின்னவள் மெதுவாகச் சாப்பிட்டாள். ரொட்டியைப் பிய்த்த அந்த விரல்கள் எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு அழகு என்று பெரியவளுக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. அது ஒரு காலையில் போகிற சமாசாரமா என்ன? கழுத்து வழியாக வியர்வை இறங்கியது. எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.